படத்தில் இருக்கும் பவுச் எந்த வகை, எந்த அளவு?

கேள்வி: ஐயா, வறுத்த பாதாம், முந்திரி, உலர் திராட்சை கலந்து 200 கிராம் பாக்கெட்டாக வீட்டிலிருந்தே விற்கிறேன். கடையில் பார்த்த ஒரு பழுப்பு நிற பவுச்சின் முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். இதே மாதிரி வேண்டும். விற்பவர்களிடம் படத்தைக் காட்டினால் "என்ன சைஸ், கஸெட் எவ்வளவு, எத்தனை மைக்ரான்?" என்று கேட்கிறார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒருவர் "இது 200 கிராம் பவுச்தான்" என்று மாதிரி அனுப்பினார். பார்க்க அதே போல இருந்தது, ஆனால் 200 கிராம் போட்டால் ஜிப் மூடவில்லை. இந்தப் படத்தை வைத்து இது என்ன பவுச் என்று சொல்ல முடியுமா?

பதில்:

வடிவத்தையும் அளவையும் படத்திலிருந்தே சொல்லிவிடலாம். உள்ளே என்ன அடுக்குகள் இருக்கின்றன என்பதைப் பாதிதான் சொல்ல முடியும். மீதிக்கு நீங்கள் அந்தப் பாக்கெட் ஒன்றை வாங்கி வெட்டிப் பார்க்க வேண்டும்.

முதலில் வடிவம். முன்பக்கப் படத்தில் பவுச்சின் அடிப்பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு ஓரங்களிலும் மேலே ஆரம்பித்து, நடுவில் கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறும் வளைவான ஒட்டு ஒன்று தெரிகிறது. தட்டையாகக் கிடக்கும் கிண்ணத்தின் வெட்டுத் தோற்றம் போல இருக்கும். அதுதான் அடையாளம். இது அடியில் மடிப்பு வைத்து நிற்கும் ஸ்டாண்ட்அப் பவுச், அதிலும் வட்ட அடி வகை. அந்த மடிப்பைத்தான் கஸெட் என்கிறார்கள். பிரான்சில் லூயி டோயென் 1960-களில் கொண்டுவந்த வடிவம் இது. அதனால் சில விற்பனையாளர்கள் இதை டோய்பேக் என்றும் சொல்வார்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடியவை இரண்டு உண்டு. அடி மூலைகளில் வளைவு இல்லாமல் சாய்வான நேர்கோடாக ஒட்டு போனால் அது கே-சீல். உள்ளே இருக்கும் எடையைச் சாய்வான ஒட்டு தாங்கிக்கொள்ளும் என்பதால் அரை கிலோவுக்கு மேல் போகும் பாக்கெட்டுகளில் அதைப் பார்க்கலாம். அடுத்தது, பெட்டி போல நான்கு பக்கமும் தனித்தனியாகத் தெரியும், அடி முழுத் தட்டையாக உட்காரும் பாக்ஸ் பவுச். அதில் பக்கவாட்டிலும் மடிப்பு இருக்கும், அதன் ஓரங்களில் செங்குத்தாக ஒட்டுக் கோடுகள் ஓடும். உங்கள் படத்தில் இரண்டு பக்கமும் ஒற்றை ஒட்டு மட்டும்தான், பக்க மடிப்பு இல்லை. பாக்ஸ் பவுச் பார்க்க அழகாக இருந்தாலும் விலை கூடும், 200 கிராமுக்கு அது தேவையும் இல்லை. வட்ட அடியே உங்களுக்குப் போதும்.

மேலே கிழிப்பதற்கான சிறு வெட்டு இரண்டு ஓரங்களிலும் இருக்கிறது. அதற்குச் சற்றுக் கீழே குறுக்காக ஓடும் மேடான கோடு ஜிப். ஜிப்புக்கு மேலே, விளிம்பை ஒட்டி, சுருக்கமில்லாத பட்டையான ஒட்டு ஒன்றும் தெரிகிறது. அதாவது நிரப்பிய பிறகு ஜிப்புக்கு மேலே சூட்டில் ஒட்டியிருக்கிறார்கள். சாப்பிடத் திறந்த பிறகு மூடி வைக்கத்தான் ஜிப். கடையில் இருக்கும்வரை காப்பது அந்த மேல் ஒட்டு. ஜிப்பை மட்டும் அழுத்தி விற்றால் காற்றும் ஈரமும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

சரி, அளவுக்கு வருவோம். படத்தில் உள்ள பவுச் எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்ல, அதே படத்தில் அளவு தெரிந்த ஒரு பொருள் வேண்டும். நல்ல வேளையாகப் பின்பக்கத்தில் பார்கோடு இருக்கிறது. சில்லறை விற்பனைப் பொருள்களில் வரும் 13 இலக்க பார்கோட்டை முழு அளவில் அச்சிட்டால் முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை 31.35 மி.மீ. இருக்கும். இருபக்கமும் விடும் வெற்றிடத்தையும் இடது பக்கம் வெளியே நிற்கும் இலக்கத்தையும் இதில் சேர்க்கக் கூடாது. ஒரே சிக்கல், பார்கோட்டை 80 சதவீதத்திலிருந்து 200 சதவீதம் வரை சிறிதாகவோ பெரிதாகவோ அச்சிட விதி அனுமதிக்கிறது. சிறு பாக்கெட்டுகளில் இடம் பற்றாது என்பதால் நடைமுறையில் 80-க்கும் 100-க்கும் இடையில்தான் அதிகம் பார்க்கிறேன். 80 சதவீதம் என்றால் கோடுகளின் அகலம் 25.08 மி.மீ.

பின்பக்கப் படத்தைக் கணினித் திரையில் திறந்து, பெரிதாக்கி, அதன் பிறகு பெரிதாக்கலை மாற்றாமல் சாதாரண அளவுகோலை வைத்து அளந்தேன். பார்கோடு 25 மி.மீ. வந்தது. பவுச்சின் மேல் விளிம்பு 104 மி.மீ. ஆக, பவுச்சின் அகலம் பார்கோட்டைப் போல 4.16 மடங்கு. பார்கோடு முழு அளவென்றால் பவுச் அகலம் 4.16 × 31.35, அதாவது 130 மி.மீ. 80 சதவீதம் என்றால் 104 மி.மீ. உயரம் திரையில் 160 மி.மீ., பார்கோட்டைப் போல 6.4 மடங்கு. அப்படியானால் முதல் கணக்கில் 201 மி.மீ., இரண்டாவது கணக்கில் 161 மி.மீ.

அகலத்தை ஏன் மேல் விளிம்பில் அளந்தேன் என்றால், நிரப்பிய பவுச் நடுவில் உப்பி, பக்கங்கள் உள்ளே இழுத்துக்கொள்ளும். நடுவில் அளந்தால் அகலம் குறைவாகவே வரும். ஜிப்புக்கு மேலே மட்டும்தான் பவுச் தட்டையாக நிற்கிறது, அங்கே தெரிவதுதான் உண்மை அகலம். உயரத்தில் இதைத் தவிர்க்க வழியில்லை. உப்பிய முன்பக்கம் வளைந்து போவதால் கண்ணுக்குத் தெரியும் உயரம் உண்மையை விடச் சில மில்லிமீட்டர் குறையும். அதனால் 201 என்று வந்ததை நான் 205-லிருந்து 210 வரை என்றுதான் எடுத்துக்கொள்வேன். பார்கோடும் உப்பலின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதுவும் கேமராவுக்குச் சற்று அருகில். எல்லாம் சேர்ந்து 5 சதவீதம் பிசகலாம். 130-இல் அது 6 மி.மீ. இந்தப் பிசகு பெரிய தொந்தரவு இல்லை, ஏனென்றால் தயார் நிலையில் விற்கும் பவுச்சுகள் குறிப்பிட்ட சில அளவுகளில்தான் வருகின்றன. 130 × 210 அவற்றில் ஒன்று. 133 × 204 என்று ஒன்றை யாரும் தயாராக வைத்திருக்க மாட்டார்கள்.

இப்போது நம் கையில் இரண்டு விடைகள். 130 × 210 அல்லது ஏறக்குறைய 105 × 165. எது சரி என்பதைப் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் 200 கிராம் சொல்லிவிடும். வறுத்த பாதாம், முந்திரி போன்றவை 200 கிராம் சுமார் 350 முதல் 400 மில்லி இடத்தை அடைக்கும். 105 மி.மீ. அகலப் பவுச்சில் ஜிப்புக்குக் கீழே கிடைக்கும் இடம் தாராளமாகக் கணக்கிட்டாலும் 250 மில்லியைத் தாண்டாது. ஆக, சிறிய விடை அடிபட்டுப் போகிறது. 130 × 210 தான்.

அடுத்தது கஸெட். இதையும் படத்தில் அளக்கலாம். வளைவு ஒட்டின் இரண்டு கைகள் ஓரத்தில் எவ்வளவு உயரம் ஏறுகின்றனவோ, அதுதான் மடிந்த நிலையில் கஸெட்டின் உயரம். முன்பக்கப் படத்தில் மேல் விளிம்பு திரையில் 90 மி.மீ., ஒட்டின் கை 28 மி.மீ. அகலம் 130 என்று தெரிந்துவிட்டதால், 28 × 130 ÷ 90, சுமார் 40 மி.மீ. மடிப்பில் முன்னும் பின்னுமாக இரண்டு பாதிகள் இருப்பதால் முழுதாக விரித்தால் 80 மி.மீ.

இந்த 40, 80 விஷயத்தில்தான் நிறைய ஆர்டர்கள் தவறிப்போகின்றன. சில விற்பனையாளர்கள் கஸெட் என்றால் மடிந்த 40-ஐச் சொல்வார்கள், சிலர் விரித்த 80-ஐ. இன்னும் சிலர் 40 + 40 என்று எழுதுவார்கள், அதில் குழப்பம் இல்லை. நீங்கள் 80 கேட்டு அவர் மடிந்த 80-ஐ அனுப்பினால் பவுச் அடியில் தொளதொளவென்று சரியும். நீங்கள் 40 என்று சொல்லி அவர் விரித்த 40-ஐ அனுப்பினால் பவுச் நிற்காது, உள்ளே இடமும் சுருங்கிவிடும். உங்களுக்கு வந்த மாதிரி பவுச்சை விரித்துக் கஸெட்டை அளந்து பாருங்கள். ஜிப் மூடாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

ஆனால் என் முதல் சந்தேகம் வேறு. "200 கிராம் பவுச்" என்று விற்பனையாளர் சொல்லும் எடை பெரும்பாலும் மாவு, பொடி போன்று அடர்த்தியாக உட்காரும் பொருளை மனதில் வைத்துச் சொல்வது. பவுச்சுக்குத் தெரிவது கொள்ளளவுதான், எடை இல்லை. உங்கள் கலவையில் 200 கிராமை எடை போட்டு, மில்லி கோடு போட்ட ஜாடி ஒன்றில் கொட்டி, இரண்டு தட்டுத் தட்டி, எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பாருங்கள். உலர் திராட்சை கூடினால் இடம் குறையும், பாதாம் கூடினால் இடம் கூடும். அந்த எண்ணைத்தான் விற்பனையாளரிடம் சொல்ல வேண்டும். பவுச் கைக்கு வந்ததும் கலவையைக் கொட்டி, ஜிப்புக்குக் கீழே குறைந்தது 20 மி.மீ. காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால் பொருள் ஜிப்பின் பள்ளத்தில் போய் உட்காரும். ஒரு திராட்சைத் துணுக்கு போதும், ஜிப் அந்த இடத்தில் பிடிக்காது.

இனி பழுப்பு நிறம். அது உண்மையான கிராஃப்ட் காகிதமா, காகிதம் போல அச்சிட்ட பிளாஸ்டிக்கா? இந்த இரண்டும் அடுத்தடுத்து நின்றால் விற்பவருக்கே சட்டென்று தெரியாது. படத்தில் பார்க்க வேண்டியது சுருக்கங்களை. காகிதம் மடிந்தால் கூர்மையான, வெளிறிய கோடாக நின்றுவிடும். பிளாஸ்டிக் சுருக்கம் உருண்டையாக இருக்கும், அதன் முதுகில் வெளிச்சம் மினுங்கும். உங்கள் படத்தில், உள்ளே இருக்கும் பொருள் தெரிய முன்பக்கத்தில் விட்டிருக்கும் தெளிவான ஜன்னலின் ஓரத்தில் இரண்டு கூர்மையான வெளிறிய மடிப்புகள் இருக்கின்றன, மினுக்கம் இல்லை. காகிதம் என்றே நினைக்கிறேன். பாக்கெட் கைக்கு வந்ததும் மேல் ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். கிழிந்த விளிம்பில் நார் நாராக வந்தால் காகிதம்தான்.

மிக முக்கியமான துப்பு அந்த ஜன்னலில் இருக்கிறது. ஜன்னலின் மேல் பாகத்தில், பொருள் முடியும் இடத்துக்கு மேலே, விரல் அகலத்துக்குக் காலி இடம் தெரிகிறது. அந்தக் காலி இடத்தின் வழியாகப் பார்த்தால் பின் சுவரின் உட்பக்கம் தெரியும். அங்கே வெள்ளியாக மின்னினால் பின்பக்கம் அலுமினியம் அல்லது அலுமினியம் பூசிய படலம் இருக்கிறது என்று பொருள். உங்கள் படத்தில் அங்கே தெரிவது லேசாகப் பளபளக்கும் பழுப்பு. ஆக, காகிதத்தின் உட்பக்கம் ஒட்டியிருப்பது தெளிவான பிளாஸ்டிக் படலம், உலோக அடுக்கு கிடையாது. முன்பக்கத்தில் ஜன்னல் இருக்கும் இடத்தில் காகிதம்கூட இல்லை, அந்தத் தெளிவான படலம் மட்டும்தான்.

இதைத் தாண்டிப் படம் எதுவும் சொல்லாது. அந்தத் தெளிவான படலம் வெறும் பாலிஎத்திலீனா, அதன் மேல் பாலியெஸ்டரும் சேர்ந்ததா, இடையில் ஆக்சிஜனைத் தடுக்கும் அடுக்கு ஏதாவது இருக்கிறதா என்பது எந்தப் படத்திலும் தெரியாது. பின்பக்கத்தில் முக்கோணத்துக்குள் 7 என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1 முதல் 6 வரை ஒவ்வொரு எண்ணும் ஒரு பிளாஸ்டிக்கைக் குறிக்கும், 7 என்றால் மற்றவை. பல அடுக்குகள் கலந்ததையும் அதில்தான் போடுவார்கள். அதனால் அந்த எண் நமக்கு உதவாது. பாக்கெட்டில் நைட்ரஜன் ஊதி அடைத்தார்களா என்பதும் படத்தில் தெரியாது. அவர்கள் அட்டையில் போட்டிருக்கும் பயன்பாட்டுக் காலத்தை அப்படியே உங்கள் பாக்கெட்டில் போடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், உங்கள் பொருளுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று ஈரம், அது மொறுமொறுப்பைக் கெடுக்கும். இன்னொன்று ஆக்சிஜன், அது பாதாம் முந்திரியின் எண்ணெயைச் சிக்கு வாடை அடிக்க வைக்கும். வெளிச்சம் பட்டால் அது இன்னும் வேகமாக நடக்கும். பாலிஎத்திலீன் ஈரத்தை ஓரளவு நன்றாகத் தடுக்கும், ஆக்சிஜனைத் தடுப்பதில் மிகவும் பலவீனம். அதன் மேல் பாலியெஸ்டர் சேர்ந்தால் ஆக்சிஜன் விஷயத்தில் நிலைமை மேம்படும். அலுமினியம் பூசிய படலம் இரண்டையும் நன்றாகத் தடுக்கும், அலுமினியத் தகடு அதைவிடவும் சிறந்தது. காகிதம் தோற்றத்துக்கும் விறைப்புக்கும்தான், தடுப்புக்கு அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஜன்னல் இருக்கும் இடத்தில் உலோகம் இருக்க முடியாது. பொருளைக் காட்டும் ஆசைக்கும் நீண்ட நாள் வைத்திருக்கும் ஆசைக்கும் இடையில் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். விற்பனை வேகமாக இருந்தால் ஜன்னல் இருக்கட்டும். பாக்கெட் கடையில் மாதக்கணக்கில் நிற்கும் என்றால் நானாக இருந்தால் ஜன்னலை விட்டுவிட்டு உள்ளே உலோக அடுக்கு உள்ளதை வாங்குவேன்.

கடையில் அந்தப் பாக்கெட்டை ஒன்று வாங்கி, காலி செய்து, துடைத்து, ஜன்னல் இல்லாத பகுதியில் 100 மி.மீ.க்கு 100 மி.மீ. துண்டு ஒன்றை வெட்டுங்கள். நகை எடை போடும் 0.01 கிராம் தராசில் வையுங்கள். அந்தத் துண்டின் எடையை 100-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு வந்துவிடும். 1.40 கிராம் என்றால் 140. உங்களுக்கு வரும் மாதிரி பவுச்சிலும் அதே அளவு வெட்டி எடை போடுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், வெளியே ஒரே மாதிரி தெரிந்தாலும் அவை ஒன்றல்ல. அதே துண்டைத் தண்ணீரில் ஊறவைத்து காகிதத்தைத் தேய்த்து எடுத்துவிட்டால் மீதி இருப்பது படலம். அதன் எடையையும் ஒப்பிடலாம். உள்ளே எவ்வளவு பிளாஸ்டிக் இருக்கிறது என்பதை இது நேராகக் காட்டிவிடும். ஒரு மைக்ரான் தடிமனுள்ள பாலிஎத்திலீன் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 0.92 கிராம். ஆக, தேய்த்தெடுத்த துண்டு 0.64 கிராம் இருந்து, அது வெறும் பாலிஎத்திலீன் என்று வைத்துக்கொண்டால், சுமார் 70 மைக்ரான். எல்லாப் பவுச்சிலும் காகிதம் சுத்தமாக உரிந்து வராது, அப்போது இந்தக் கணக்கை விட்டுவிட்டு முழுத் துண்டின் எடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விற்பனையாளர் உள்ளே வெள்ளி நிறம் உள்ள மாதிரி எதையாவது அனுப்பி "அலுமினியம்" என்று சொன்னால், இருட்டறையில் அதற்குள் கைபேசி விளக்கை வைத்துப் பாருங்கள். விளக்கின் புள்ளி மங்கலாகத் தெரிந்தால் அது அலுமினியம் பூசிய படலம். சுத்தமாக ஒன்றும் தெரியாவிட்டால் தகடு. பூசிய படலத்தை மடித்து விட்டால் திரும்பி நிமிரப் பார்க்கும், தகடு மடித்த இடத்திலேயே நிற்கும். காகிதம் ஒட்டியிருந்தால் இந்த மடிப்புச் சோதனை ஏமாற்றும், விளக்கும் சரியாகத் தெரியாது. காகிதத்தை உரித்த இடத்தில் பாருங்கள்.

"எத்தனை மைக்ரான்?" என்ற கேள்விக்கு மொத்த எண்ணை மட்டும் பதிலாகச் சொல்லாதீர்கள். காகிதப் பவுச்சில் தடிமனில் பாதிக்கு மேல் காகிதமாகவே இருக்கலாம். ஒரே 140 மைக்ரானில் நல்ல பவுச்சும் செய்யலாம், மோசமான பவுச்சும் செய்யலாம். அடுக்கு அடுக்காகக் கேளுங்கள்: காகிதம் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், பாலியெஸ்டர் இருக்கிறதா, இருந்தால் எத்தனை மைக்ரான், உள் பாலிஎத்திலீன் எத்தனை மைக்ரான். இதற்குப் பதில் சொல்லத் தெரியாத விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பது நல்லது.

வாங்கும் பவுச் எத்தனை நாள் காக்கும் என்பதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். சிலிக்கா ஜெல் மணிகளை 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று மணி நேரம் ஓவனில் உலர்த்தி, மூடிய கண்ணாடிப் பாட்டிலில் ஆறவிட்டு, 100 கிராம் எடுத்துப் பவுச்சில் போட்டு ஜிப்புக்கு மேலே ஒட்டிவிடுங்கள். உடனே எடை போட்டுக் குறித்துக்கொண்டு, இரண்டு வாரம் தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். காகிதம் வெளிக்காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் முதல் இரண்டு நாள் எடை ஏறி இறங்கும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அதற்குப் பிறகு தினமும் சீராக ஏறுவதுதான் பவுச்சின் வழியே உள்ளே போன ஈரம். காகிதத்தின் ஏற்ற இறக்கத்தைத் தனியாகப் பார்க்க, ஒட்டாத காலிப் பவுச் ஒன்றையும் பக்கத்தில் வைத்து எடை போடுங்கள். சோதனைக்குப் பயன்படுத்திய ஜெல்லை உணவோடு சேர்க்காதீர்கள்.

இன்னொரு பக்கம், உங்கள் கலவையில் 50 கிராமைத் தட்டில் திறந்து வைத்து, அவ்வப்போது எடை பார்த்து, கடித்தும் பாருங்கள். மொறுமொறுப்பு போய்விட்டது என்று தோன்றும்போது எடை எவ்வளவு ஏறியிருக்கிறதோ அதுதான் உங்கள் எல்லை. 50 கிராமில் 1 கிராம் ஏறியபோது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 200 கிராம் பாக்கெட் 4 கிராம் ஈரம் வரை தாங்கும். சிலிக்கா ஜெல் பவுச்சில் தினமும் 0.05 கிராம் ஏறினால், 4 ÷ 0.05, 80 நாள். உண்மையில் பொருள் ஈரமாக ஆக உள்ளே இழுப்பது குறையும் என்பதால் இதைவிடச் சற்று அதிகமாகவே தாங்கும். ஆனால் மழைக்கால ஈரத்தில் சோதனை செய்தால் வரும் எண்ணும் கோடையில் செய்தால் வரும் எண்ணும் ஒன்றாக இருக்காது. ஈரம் அதிகமான காலத்து எண்ணையே நம்புங்கள். இது ஈரத்துக்கு மட்டும்தான். சிக்கு வாடைக்கு இப்படிக் குறுக்கு வழி இல்லை. சில பாக்கெட்டுகளைக் கடை அலமாரியைப் போன்ற வெளிச்சத்தில் வைத்து, ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்து முகர்ந்தும் சுவைத்தும் பார்க்க வேண்டியதுதான்.

ஒட்டும்போது ஒரு சிக்கல் வரும். காகிதம் சூட்டைத் தாமதமாகவே உள்ளே விடும். மெல்லிய பிளாஸ்டிக் பைக்குப் பயன்படும் சிறு கைச் சீலர் இதில் மேலோட்டமாக ஒட்டி, பார்க்கச் சரியாகத் தெரிந்து, பிறகு பிரிந்துவிடும். ஒட்டி ஆறிய பிறகு இரு பக்கமும் பிடித்து இழுங்கள். சுத்தமாக உரிந்து வந்தால் சூடோ நேரமோ போதவில்லை. காகிதம் கிழிந்தோ படலம் இழுபட்டோ வந்தால் சரி. அப்புறம் காலிப் பவுச்சில் காற்றோடு ஒட்டி, தண்ணீரில் அமுக்கி மெதுவாக அழுத்துங்கள். குமிழி பெரும்பாலும் இரண்டு இடங்களில் வரும்: ஜிப் ஓரத்தில் முடியும் இடம், அடி மடிப்பு ஓர ஒட்டைச் சந்திக்கும் இடம். இரண்டு அடுக்கு சட்டென்று நான்காக மாறும் இடங்கள் அவை. அங்கே வந்தால் பவுச்சின் குறை, உங்கள் சீலருடையது இல்லை. அந்த மாதிரியைத் திருப்பிவிடுங்கள்.

விற்பனையாளருக்கு அனுப்ப ஒரு செய்தியை எழுதி வைக்கிறேன், அடைப்புக்குள் உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்:

"வட்ட அடி ஸ்டாண்ட்அப் பவுச், ஜிப், கிழிப்பு வெட்டு இரு பக்கமும், முன்பக்கம் ஜன்னல். அகலம் 130 மி.மீ., உயரம் 210 மி.மீ., அடி கஸெட் 40 + 40 மி.மீ. வெளியே உண்மையான கிராஃப்ட் காகிதம். நிரப்பும் அளவு (ஜாடியில் வந்த எண்) மில்லி. காகிதம் எத்தனை கிராம், உள்ளே எந்தெந்தப் படலம், ஒவ்வொன்றும் எத்தனை மைக்ரான் என்று எழுதி அனுப்புங்கள். உணவு நேரடியாகப் படலாம் என்பதற்கான சான்றிதழ் இருந்தால் அதையும். முதலில் அச்சில்லாத மாதிரி 20 வேண்டும். இதே அளவில் ஜன்னல் இல்லாமல், உள்ளே அலுமினியம் பூசிய படலத்தோடும் 20 வேண்டும்."

இரண்டு வகையையும் ஒரே நாளில் சிலிக்கா ஜெல் சோதனைக்கு வையுங்கள். அந்த இரண்டு எண்களும் கையில் வந்த பிறகு அச்சு, நிறம், பெயர் எல்லாவற்றையும் பேசிக்கொள்ளலாம். அவர் கஸெட்டை ஒற்றை எண்ணாகத் திருப்பி எழுதினால் மட்டும் உடனே கேளுங்கள்: மடித்தா, விரித்தா?